எங்கள் சாமை நம்பரில் இருந்து பணம் கேட்டவன் நாங்கள் இல்லை

நண்பர்களே, முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், விவரம் எல்லாம் பிறகு.

சாமை, தேன், புளி வேண்டும் என்று நீங்கள் செய்தி அனுப்புவீர்களே, அந்த வாட்ஸ்அப் கணக்கைப் போன செவ்வாய்க்கிழமை ஒருத்தன் களவாடிவிட்டான். அன்றைக்கு மதியத்தில் இருந்து ராத்திரி 7 மணி வரைக்கும் அந்த நம்பரில் இருந்து உங்களுக்கு வந்த எந்தச் செய்தியும் எங்களுடையது இல்லை. "அவசரம், ஆஸ்பத்திரியில இருக்கோம், 18,500 ரூபாய் போடுங்க, சாயங்காலம் திருப்பித் தர்றோம்" என்று கேட்டிருந்தால், கேட்டது நாங்கள் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தயவுசெய்து யாரும் பணம் அனுப்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கை அவனிடம் இருந்து பிடுங்கிவிட்டோம். ஆனால் வருகிற செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் எங்களாலும் அதைத் திறக்க முடியாது. அதனால் அதுவரை அந்த நம்பர் வாட்ஸ்அப்பில் பேசாது. பேசினால் அது நாங்கள் இல்லை. சாதாரண போன் காலுக்கு நம்பர் வேலை செய்கிறது, சிக்னல் கிடைத்தால்.

இது எப்படி நடந்தது என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். "லிங்க் ஏதாவது தொட்டீங்களா? ஓடிபி சொன்னீங்களா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். லிங்க்கைத் தொடவில்லை, ஓடிபியும் யாருக்கும் சொல்லவில்லை. அப்படி இருந்தும் போய்விட்டது. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். டவுனில் இருக்கிற உங்களுக்கும் இதே மாதிரி நடக்கலாம்.

அந்த நம்பரை வைத்திருப்பது என் தம்பி மகன். ஆர்டர் எழுதுவது, பொட்டலம் கட்டுவது, ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோய் அனுப்புவது எல்லாம் அவன்தான். செவ்வாய்க்கிழமை காலையில் அப்படித்தான் பார்சல் போட்டுவிட்டுக் கடைத்தெருவில் நின்றிருக்கிறான். அப்போது ஒரு கால். "கூரியர்ல இருந்து பேசுறோம் சார், நீங்க அனுப்பின பார்சல் ஒண்ணு அட்ரஸ் சரியில்லாம நிக்குது. டெலிவரி பையன் நம்பர் தர்றேன், அதுக்கு முன்னால ஸ்டார் 21 ஸ்டார் போட்டு, கடைசியில ஹேஷ் போட்டு அடிங்க, நேரா அவனுக்கே லைன் போயிடும்" என்று சொல்லியிருக்கிறான்.

வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பார்சல் போகிறது. அதில் ஒன்று எங்கேயாவது மாட்டிக்கொள்வது வழக்கம்தான். அவனும் அடித்தான். திரையில் ஏதோ ஒரு வரி வந்து போனது. யாரும் எடுக்கவில்லை. சரி, அப்புறம் பார்த்துக்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டும் என்றால் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். அவன் நிலத்துக்குப் போய்விட்டான்.

அந்த ஸ்டார் 21 என்பது டெலிவரி பையனுக்கு லைன் போடுகிற கோடு இல்லை. உங்களுக்கு வரும் கால் எல்லாவற்றையும் இன்னொரு நம்பருக்குத் திருப்பிவிடச் சொல்லி உங்கள் போன் கம்பெனிக்கு நீங்களே கொடுக்கிற உத்தரவு. கால் ஃபார்வர்டு என்று சொல்கிறார்களே, அதுதான். கெட்டதற்காக வந்த வசதி இல்லை. வெளியூர் போகிறவர் வீட்டுக்கு வரும் காலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள வந்தது. வாய்க்காலில் மடையைத் திருப்புகிற மாதிரி. தண்ணீர் அடுத்தவன் கழனிக்குப் போகிறது, உங்கள் கழனியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மடை திரும்பியதும் அவன் தன்னுடைய போனில் வாட்ஸ்அப்பைப் போட்டு, எங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறான். அந்த நம்பர் உன்னுடையதுதானா என்று பார்க்க வாட்ஸ்அப் 6 இலக்க எண் ஒன்றை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும். எஸ்எம்எஸ் இந்தத் திருப்பத்தில் போகாது, அது எங்கள் போனுக்குத்தான் வந்தது. ஆனால் எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் போன் செய்து சொல்லு என்று கேட்கவும் வாட்ஸ்அப்பில் வழி இருக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்து அதை அழுத்தினால் ஒரு இயந்திரக் குரல் கூப்பிட்டு அந்த 6 எண்ணையும் வாசிக்கும். கால் என்றால்தான் திரும்பிப் போகுமே. அவன் போனில் மணி அடித்தது, எண்ணைக் கேட்டான், போட்டான், உள்ளே போய்விட்டான். தம்பி மகன் போனில் வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிட்டது. யாரும் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லை, பாருங்க.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2025 செப்டம்பரில் பெங்களூரில் கன்னட நடிகர் உபேந்திரா வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி பிரியங்கா ஆன்லைனில் எதையோ ஆர்டர் செய்திருந்தார். டெலிவரி என்று ஒருத்தன் கூப்பிட்டு ஸ்டார், ஹேஷ் வைத்து ஒரு எண்ணை அடிக்கச் சொன்னான். பிறகு அவர்கள் கணக்கில் இருந்து தெரிந்தவர்களுக்கு எல்லாம் 55,000 ரூபாய் கேட்டுச் செய்தி போனது. அம்மா கேட்கிறார் என்று நம்பி அவர்கள் மகனே 50,000 அனுப்பிவிட்டான். பெற்ற பிள்ளைக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் எங்களிடம் மாசத்துக்கு இரண்டு கிலோ சாமை வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

இந்த மாதிரி கோடுகளால் ஏமாற்று நடக்கிறது என்று அரசாங்கத்துக்கும் தெரியும். *401# போன்ற கோடு அடித்துக் கால் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வையுங்கள் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை எல்லாப் போன் கம்பெனிக்கும் உத்தரவு போட்டது. உபேந்திரா வீட்டில் நடந்தது அதற்கும் ஒன்றரை வருஷம் கழித்து. அதனால் அதுதான் நிறுத்திவிட்டார்களே என்று இருந்துவிட முடியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பணம் கேட்டுச் செய்தி வந்தால் அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இந்த வகைத் திருட்டில் அது போதாது. நீங்கள் போடுகிற காலும் அவனுக்குத்தான் போகும்.

சென்னையில் இருந்து ஒரு ஐயா எங்களிடம் நாலு வருஷமாகச் சாமை வாங்குகிறார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செய்தி வந்ததும் அவர் உடனே போன் போட்டிருக்கிறார். இரண்டு மணி அடித்தது, கட் ஆனது. அடுத்த நொடியே வாட்ஸ்அப்பில் பதில்: "மலையில் இருக்கேன் சார், சிக்னல் இல்லை, மெசேஜ் பண்ணுங்க." இதுதான் அவனுக்கு வசதியாகப் போய்விட்டது. எங்களுக்குச் சிக்னல் கிடைக்காது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். நானே இங்கே எத்தனை தடவை அதை எழுதியிருக்கிறேன். குழுவின் பெயரே "ஜவ்வாது மலை சாமை" என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்தே அவன் இந்தச் சாக்கைப் பிடித்திருப்பான்.

அந்த ஐயா அசரவில்லை. சிக்னலே இல்லாதவன் போனில் மணி எப்படி அடித்தது, கட் பண்ணியது யார் என்று யோசித்திருக்கிறார். சரியான கேள்வி. சிக்னல் இல்லாத போனுக்குப் போட்டால் மணி அடிக்காது, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று குரல் வரும். அப்புறம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "போன மாசம் எனக்கு எத்தனை கிலோ அனுப்பினீங்க?" அதற்கு வந்த பதில்: "அதெல்லாம் அப்புறம் பேசலாம் சார், இப்ப அர்ஜென்ட்." அதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

அவர் கேட்ட கேள்வி ஏன் வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு உதவும். இப்படி நம்பரையே பிடித்தவனுக்குப் பழைய பேச்சு எதுவும் தெரியாது. பழைய செய்திகள் உங்கள் போனுக்குள்தான் இருக்கின்றன, அவன் போனுக்குத் தானாகப் போவதில்லை. போனில் நீங்கள் பதிந்து வைத்திருக்கும் பெயர்களும் அவனுக்குக் கிடைக்காது. அவனுக்குக் கிடைப்பது நீங்கள் இருக்கும் குழுக்களும், அதில் உள்ளவர்களின் நம்பர்களும், அதற்குப் பிறகு புதிதாக வருகிற செய்திகளும்தான். பிறகு விசாரித்தபோது அதுதான் தெரிந்தது. சாமைக் குழுவில் இருந்தவர்களுக்கு வரிசையாகச் செய்தி போயிருக்கிறது. ஆம்பூரில் இருக்கும் என் தங்கை எந்தக் குழுவிலும் இல்லை, அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அதுவும் இல்லாமல் தம்பி மகன் உங்களை எல்லாம் ஐயா, அம்மா என்றுதான் எழுதுவான். அவன் எல்லாரையும் சார் என்று எழுதியிருந்தான், பெண்களையும்கூட.

ஆனால் இந்தக் கேள்விக்கும் ஒரு எல்லை உண்டு. வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிற மாதிரி, உங்கள் கணக்கோடு தன் கருவியை ஒருத்தன் சேர்த்துக்கொண்டால் உங்கள் வாட்ஸ்அப் வெளியேறாது. இரண்டு பேர் கையிலும் ஓடும். பழைய பேச்சும் அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் எத்தனை கிலோ என்று சரியாகவே சொல்வான். உங்கள் கணக்கில் அப்படி யாராவது இருக்கிறானா என்று வாட்ஸ்அப்பில் Linked devices என்ற இடத்தில் பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் அங்கேயே அதை வெளியேற்றலாம்.

அதனால் எழுத்தில் எழுதப்படாத ஒன்றைக் கேளுங்கள். அதைவிட நல்லது, வேறு ஒரு ஆள் வழியாகக் கேட்பது. எங்கள் மலையில் ஒருத்தனைப் பார்க்கவேண்டும் என்றால் போனை நம்பி யாரும் இருப்பதில்லை. கடைக்காரரிடம் சொல்லுவோம், அவர் பஸ்ஸில் வருகிறவரிடம் சொல்லுவார், ராத்திரிக்குள் சேதி வந்து சேரும். அன்றைக்கும் சேதி அப்படித்தான் வந்தது. பேங்க் ஐயா, போன வருஷம் இங்கே வந்தபோது டீ குடித்த கடையின் நம்பரை வைத்திருந்தார். அந்தக் கடைக்குப் போன் போட்டு, "இந்த வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்துவிட்டு, "இப்பதான் பெரியவரு மாட்டை ஓட்டிக்கினு போறாரு, இன்னா விஷயம்?" என்றாராம். அரை மணி நேரத்தில் ஆள் நிலத்துக்கு வந்துவிட்டது.

அப்போது மணி ஐந்தரை. தம்பி மகன் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தான், உள்ளே விடவில்லை. எஸ்எம்எஸ்ஸில் அவன் கேட்காமலே ஒரு 6 இலக்க எண் மதியமே வந்து கிடந்தது. பாறைக்குப் போனோம். அங்கிருந்து முதலில் வாட்ஸ்அப்பைத் தொடவில்லை, மடையைத்தான் அடைத்தோம். வரிசை இதுதான். திருப்பம் அப்படியே இருக்கும்போது கணக்கை மீட்டால் அவன் மறுபடியும் காலில் எண்ணைக் கேட்டு மறுபடியும் பிடுங்கிக்கொள்வான்.

நாங்கள் அடித்த கோடுகளைக் கீழே தருகிறேன். போன் போடுகிற திரையில் அப்படியே அடித்துக் கால் பட்டனை அழுத்த வேண்டும். சிக்னல் இருக்க வேண்டும், ஏனென்றால் உத்தரவு போன் கம்பெனிக்குப் போக வேண்டும்.

```
*#21#
*#62#
##002#
```

முதலாவது, எல்லாக் காலும் எங்கேயாவது திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும். எங்களுக்கு ஒரு தெரியாத நம்பரைக் காட்டியது. இரண்டாவது, போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும்போது மட்டும் கால் எங்கே போகிறது என்று காட்டும். மூன்றாவது எல்லாத் திருப்பத்தையும் ஒரே அடியில் நீக்கிவிடும். நீக்கிய பிறகு முதலாவதை மறுபடி அடித்துப் பார்த்தோம். திருப்பம் எதுவும் இல்லை என்று வந்தது.

அந்த இரண்டாவதைப் பற்றி மலையில் இருக்கிறவர்களுக்கும், அடிக்கடி சிக்னல் போகிற இடத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டார் 21க்குப் பதிலாக ஸ்டார் 62 என்று ஒருத்தன் அடிக்கவைத்தால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். சிக்னல் இருக்கும்போது கால் ஒழுங்காக உங்களுக்கு வரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். பாறையை விட்டு இறங்கினதும் கால் அவனுக்குப் போகும். எங்கள் மாதிரி ஆள் பாதி நாள் சிக்னல் இல்லாமல்தான் இருக்கிறோம். ஆனால் *#62# அடித்து ஏதாவது நம்பர் தெரிந்தால் உடனே பயந்துவிடவும் வேண்டாம். தவறிய கால்களைச் சொல்வதற்காகப் போன் கம்பெனியே தன்னுடைய நம்பர் ஒன்றை அங்கே வைத்திருக்கலாம். கம்பெனியைக் கேட்டால் அது அவர்களுடையதா என்று சொல்வார்கள். ##002# அடித்தால் அந்த வசதியும் போய்விடும், அவ்வளவுதான் நஷ்டம்.

போனை அணைத்துப் போட்டால் திருப்பம் போய்விடுமா, வேறு போனில் சிம்மைப் போட்டால் போகுமா என்று ஒருத்தர் கேட்டார். போகாது. திருப்பம் இருப்பது உங்கள் போனில் இல்லை, கம்பெனியின் இயந்திரத்தில். சில போனில் இந்தக் கோடு அடித்தால் ஏதோ தப்பு என்று வரும். அப்போது போன் செயலியின் அமைப்புகளில் கால் ஃபார்வர்டு என்ற இடத்தைப் பாருங்கள், இல்லையென்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி நீக்கச் சொல்லுங்கள்.

மடையை அடைத்த பிறகு வாட்ஸ்அப்பில் எங்கள் நம்பரைக் கொடுத்தோம். 6 இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. போட்டோம். அந்த நிமிஷமே அவன் வெளியே போய்விட்டான். மணி 7. ஆனால் எங்களையும் அது உள்ளே விடவில்லை. இன்னொரு ரகசிய எண்ணைக் கேட்டது. அதை வைத்தது நாங்கள் இல்லை, உள்ளே இருந்த நேரத்தில் அவன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த எண் தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் விதி. அதனால்தான் வருகிற செவ்வாய் வரை என்று மேலே சொன்னேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 7 நாளும் அவனும் உள்ளே வர முடியாது. அவனிடம் ரகசிய எண் இருந்தாலும் புதிதாக வருகிற 6 இலக்க எண் அவனுக்குக் கிடைக்காது.

அவன் வைத்த அதே பூட்டை நீங்கள் முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் Account என்பதற்குள் போய் Two-step verification என்பதைத் தொட்டு, உங்களுக்கு மறக்காத 6 இலக்கம் ஒன்றை வையுங்கள். ஈமெயில் கேட்கும், அதையும் கொடுங்கள், எண் மறந்தால் அதன் வழியாக மாற்றலாம். இந்தப் பூட்டு இருந்தால், காலைத் திருப்பி எண்ணைக் கேட்டவன்கூட இந்த இடத்தில் நின்றுபோவான். வீட்டில் பெரியவர்கள் போனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இனி மனசை உறுத்துகிற ஒரு விஷயம். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு அம்மா அன்றைக்கு 6,000 ரூபாய் அனுப்பிவிட்டார். 18,500 இல்லை, கையில் இருந்தது இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அனுப்பும்போது திரையில் வேறு யாரோ ஒருவர் பெயர் வந்திருக்கிறது. கேட்டதற்கு, "அது ஆஸ்பத்திரி கேஷியர் நம்பர்" என்று அவன் சொல்லியிருக்கிறான். யுபிஐயில் பணம் போகும் முன்னால் திரையில் வருகிற அந்தப் பெயரைக் கட்டாயம் பாருங்கள். கூப்பிடுகிறவன் ஒருத்தன், வாங்குகிறவன் இன்னொருத்தன் என்றால், அதற்கு எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

ராத்திரி அவருக்கு விஷயம் தெரிந்ததும் 1930க்குப் போன் போட்டிருக்கிறார். பணம் பறிபோனால் நாடு முழுவதும் அதுதான் நம்பர். cybercrime.gov.in என்ற தளத்திலும் எழுதலாம். அவர்கள் கேட்டது எந்தக் கணக்கில் இருந்து போனது, எத்தனை மணிக்கு, எவ்வளவு, அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண் என்ன என்பதுதான். அந்த எண் உங்கள் யுபிஐ செயலியிலேயே அந்தப் பணம் அனுப்பிய இடத்தில் இருக்கும். புகார் பதிந்ததும் பணம் போய்ச் சேர்ந்த பேங்க்குக்குத் தகவல் போகிறது, அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அவன் அதை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் சொல்ல வேண்டும், அதனால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. கைக்கு இன்னும் வரவில்லை.

அந்தப் பணத்துக்கு ஈடாகச் சாமையும் தேனும் அனுப்புகிறோம் என்று வீட்டில் எல்லாரும் பேசி அவருக்குப் போன் போட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். "நீங்க கொடுத்தீங்கன்னா அவன் உங்ககிட்ட திருடின மாதிரி ஆயிடும். திருடினது என்கிட்ட, அதை நானே போலீஸ்ல பார்த்துக்கிறேன். இந்த மாசம் ரெண்டு கிலோ எப்பவும் போல அனுப்புங்க, காசு தர்றேன்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எங்கள் பெயரைச் சொன்னதும் ஆறாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவன் களவாடியது அந்தப் பெயரைத்தான். தம்பி மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "விடுடா, அந்த அம்மாவே ஒண்ணும் சொல்லல" என்று சொன்னால், "அதுதான் பெரியப்பா கஷ்டமா இருக்கு" என்கிறான்.

இனிமேல் எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் சில விஷயம் இப்படி இருக்கட்டும். நாங்கள் ஒருபோதும் கடனாகவோ அவசரத்துக்கோ செய்தியில் பணம் கேட்க மாட்டோம். சாமைக்கான பணம் பார்சலோடு வருகிற சீட்டில் அச்சடித்திருக்கும் அந்த ஒரே பேங்க் கணக்குக்குத்தான். அந்தக் கணக்கு மாறினால் வாட்ஸ்அப்பில் சொல்ல மாட்டோம், அடுத்த பார்சலில் புதுச் சீட்டு வைத்துத்தான் சொல்வோம். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு, எங்கள் நம்பரோடு டீக்கடைக்காரர் நம்பரையும் அவரிடம் கேட்டு, அடுத்த முறை வருகிற சீட்டில் சேர்க்கிறோம்.

அன்றைக்குச் செய்தி வந்தவர்கள் அதை அழித்துவிடாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவன் கொடுத்த யுபிஐ நம்பரும் அதில் தெரியட்டும், புகாருக்கு வேண்டும். பணம் போடாதவர்களும் அந்தப் படத்தை வைத்திருங்கள், நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். குழுவில் இருந்து விலகியவர்களுக்கு இந்தச் சேதி போயிருக்காது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது எங்களிடம் வாங்குகிறார் என்றால் அவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். இந்த வாரம் ஆர்டர் கொடுக்க வேண்டியவர்கள் போன் போடுங்கள். காலை ஏழில் இருந்து எட்டு வரை தம்பி மகன் பாறைமேல் இருப்பான்.